தேதியை மட்டும் கேளுங்கள்!

(வீட்டிலேயே கேக் செய்து விற்பவர்களின் கேள்விகள் இந்த முறை குவிந்துவிட்டன. பக்கம் முழுக்க அவர்களுக்கே!)

கே: கேக் விளம்பரத்துக்கு 15 விநாடி போதுமா சார்?
– வாசகி, திண்டுக்கல்

ப: கேக்கை வெட்டிக் காட்ட மூன்று விநாடி. விலை சொல்ல மூன்று. கேட்க வேண்டியதைக் கேட்க மூன்று. இன்னும் ஆறு விநாடி பாக்கி கிடக்கிறதே, அதில் என்ன செய்வதாக உத்தேசம்?

கே: அது என்ன 15 விநாடிக் கணக்கு? யார் வைத்தது?
– வாசகர், கும்பகோணம்

ப: 2020 ஜூன் கடைசியில் இந்தியாவில் டிக்டாக்குக்குத் தடை விழுந்தது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் இங்கே ரீல்ஸைத் திறந்தது. அப்போது ஒரு ரீலுக்கு உச்ச வரம்பே 15 விநாடிதான். பிறகு வரம்பு நிமிடக் கணக்கில் நீண்டது. பார்ப்பவரின் பொறுமை மட்டும் நீளவில்லை!

டி.வி.யிலோ விளம்பர நேரத்தைப் பத்துப் பத்து விநாடியாக விலை பேசி விற்கிறார்கள். அங்கே பெரிய கம்பெனிகளே விநாடியை எண்ணித்தான் வாயைத் திறக்கின்றன. உங்களுக்கு ஐந்து விநாடி கூடவே கிடைத்திருக்கிறது.

கே: மதுரையில் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறேன். விளம்பரத்துக்கு நான் எழுதிய வசனம் இது: “வணக்கம் மக்களே! ஆறு வருஷ அனுபவம் உள்ள எங்ககிட்ட பர்த்டே கேக், தீம் கேக், பிரவுனி, கப்கேக், குக்கீஸ், முட்டை போட்டது, போடாதது எல்லாமே கிடைக்கும். தரமான பொருள், நியாயமான விலை, டெலிவரி உண்டு. உடனே எங்க பேஜை ஃபாலோ பண்ணுங்க, லைக் பண்ணுங்க, ஃப்ரெண்ட்ஸுக்கு ஷேர் பண்ணுங்க, இந்த நம்பருக்குக் கால் பண்ணுங்க, இல்லேன்னா வாட்ஸ்அப் பண்ணுங்க!” திருத்தித் தர முடியுமா?
– வாசகி, மதுரை

ப: திருத்தம் போதாது தாயே, அறுவைச் சிகிச்சைதான்!

முதலில் சத்தம் போட்டுப் படித்துப் பாருங்கள். தமிழில் நிதானமாகப் பேசினால் விநாடிக்கு இரண்டு சொல். 15 விநாடிக்கு 30 சொல் என்பது உச்சம். மூச்சு விட இடம் வேண்டுமானால் 25. உங்களுடையது 40-ஐத் தாண்டி ஓடுகிறது. ரயில்வே அறிவிப்பு வேகத்தில் படித்தாலும் அடங்காது.

அடுத்து, கடைசி வாக்கியம். ஃபாலோ, லைக், ஷேர், கால், வாட்ஸ்அப்: ஒரே மூச்சில் ஐந்து வேலை ஏவுகிறீர்கள். பார்ப்பவர் ஒரு கையில் போனும் மறு கையில் டம்ளருமாக உட்கார்ந்திருப்பவர். ஒரு வேலை சொன்னால் ஒருவேளை செய்வார். ஐந்து சொன்னால் கட்டை விரல் அடுத்த வீடியோவுக்குப் போய்விடும்.

மூன்றாவது, பட்டியல். பிரவுனி முதல் குக்கீஸ் வரை எல்லாம் சொன்னால் எதுவும் மனசில் நிற்காது. உங்கள் கையில் நன்றாக வருவது எது? கடிதத்தின் பின்பக்கம் ‘முட்டை போடாத சாக்லேட் கேக்குக்குத்தான் கிராக்கி, அரைக் கிலோ 600 ரூபாய்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் விளம்பரம். முன்பக்கத்தில் இருப்பது முன்னுரை. இதோ, உங்கள் சரக்கை வைத்தே எழுதியது:

*முதல் 3 விநாடி.* படம்: கேக்கில் கத்தி இறங்குகிறது, ஒரு துண்டு வெளியே வருகிறது. திரையில்: ‘முட்டை இல்லாத சாக்லேட் கேக்’. குரல்: “முட்டையே இல்லை. உள்ளே ஈரத்தைப் பாருங்க!”

*3 முதல் 7 வரை.* படம்: உங்கள் சமையலறை, அவனிலிருந்து டின்னை எடுக்கும் கை. குரல்: “ஆர்டர் வந்த பிறகுதான் எங்க வீட்டு அவன் சூடாகும்.”

*7 முதல் 11 வரை.* படம்: கேக் பெட்டிக்குள் இறங்குகிறது, மூடி விழுகிறது. திரையில்: ‘அரைக் கிலோ ₹600’. குரல்: “அரைக் கிலோ அறுநூறு ரூபாய். மதுரைக்குள்ளே வீட்டுக்கே வரும்.”

*11 முதல் 15 வரை.* படம்: போன் திரையில் ஒரு விரல் ‘மார்ச் 14’ என்று தட்டி அனுப்புகிறது. திரையில்: ‘தேதியை வாட்ஸ்அப் பண்ணுங்க’. குரல்: “பிறந்தநாள் என்னைக்கு? தேதியை மட்டும் வாட்ஸ்அப் பண்ணுங்க.”

எண்ணிப் பாருங்கள், 25 சொல். கடைசி ஒரு விநாடி மௌனம். அந்த ஒரு விநாடியில்தான் விரல் பொத்தானைத் தேடும், அங்கே பேசிக் கெடுக்காதீர்கள்.

கே: மேலே இருக்கும் வசனத்தை ஆசிரியர் மேசையில் எட்டிப் பார்த்துவிட்டேன். ‘இப்போதே ஆர்டர் செய்யுங்கள்’ என்றுதானே உலகமே சொல்கிறது? அதென்ன தேதி?
– உதவி ஆசிரியர், இந்தப் பத்திரிகை

ப: வேலை நேரத்தில் எட்டிப் பார்த்தாலும் நல்ல கேள்வி. ஆர்டர் செய் என்றால் பார்ப்பவர் நாலு முடிவு எடுத்தாக வேண்டும். என்ன சுவை? எத்தனை கிலோ? மேலே என்ன எழுதுவது? எப்போது வேண்டும்? அதற்குள் குக்கர் விசில் அடித்துவிடும்.

பிறந்தநாள் தேதி அப்படியில்லை. மகள் பிறந்த தேதியை எந்த அம்மாவும் யோசித்துச் சொல்வதில்லை. பணம் கேட்கவில்லை, வாக்குறுதியும் கேட்கவில்லை. ஆகவே கூச்சமில்லாமல் அனுப்புவார்.

உங்களுக்கும் முதலில் தெரிய வேண்டியது அதுதான். அந்தத் தேதியில் அவன் காலியா, கைவசம் ஆள் உண்டா என்று பார்த்த பிறகுதானே மற்ற பேச்சு? ‘14-ம் தேதி இடம் இருக்கு, பேர் என்ன எழுதணும்?’ என்று நீங்கள் பதில் போட்ட நிமிஷம், விசாரணை பாதி ஆர்டராகிவிடுகிறது.

இன்னொரு லாபம், பிறந்தநாள் வருஷா வருஷம் வரும்!

கே: ‘ஃபாலோ பண்ணுங்க’ என்று முடித்தால் என்ன தப்பு?
– வாசகர், சேலம்

ப: பத்தாயிரம் பேர் பின்னால் வந்தாலும், கேக் வாங்குவது வீட்டில் பிறந்தநாள் இருப்பவர் மட்டுமே. நீங்கள் விற்பது கேக்கா, பின்தொடரும் பாக்கியமா?

கே: என் பேக்கரி லோகோவை முதலில் காட்டட்டுமா, கடைசியிலா?
– வாசகி, ஈரோடு

ப: முதல் விநாடியில் லோகோ என்றால், யாரென்று தெரியாதவர் கதவைத் தட்டி ஆதார் அட்டையை நீட்டுவது மாதிரி. கேக் முகம் காட்டட்டும். பெயர் பெட்டியின் மூடியில் இருந்தால், மூடும்போது தானாகத் தெரிந்துவிடும்.

கே: கத்தி இறங்கும் காட்சியைத் திரும்பத் திரும்ப எடுக்கிறேன், கேக் பிசுபிசுவென்று நசுங்கி வருகிறது. என்ன செய்ய?
– வாசகி, திருநெல்வேலி

ப: இப்போது செய்த கேக்கை இப்போதே வெட்டினால் அப்படித்தான். க்ரீம் பூசி முடித்ததும் ஃப்ரிட்ஜில் இறுக விடுங்கள். கத்தியைச் சுடுநீரில் முக்கி, துணியால் துடைத்துவிட்டு வெட்டுங்கள். இரண்டாவது வெட்டுக்கு மறுபடி முக்கி, மறுபடி துடைக்க வேண்டும். சோம்பலுக்கு இங்கே இடமில்லை.

ஜன்னல் வெளிச்சம் கேக்கின் பக்கவாட்டில் விழட்டும், நேர் முன்னாலிருந்து வேண்டாம். பக்கத்திலிருந்து விழுந்தால்தான் உள்ளே இருக்கும் பொருபொருப்பும் ஈரமும் நிழலோடு தெரியும். ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு நிற வெளிச்சம் கலந்தால் வெள்ளை க்ரீம் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் மஞ்சள் என்று காமாலை நோயாளி ஆகிவிடும்.

நெல்லை வெயிலில் க்ரீம் நிற்கும் நேரம் குறைவு. கேமரா, ஆள், தட்டு எல்லாம் தயாரான பிறகே கேக்கை ஃப்ரிட்ஜிலிருந்து எழுப்புங்கள். நாயகி கடைசியில்தான் செட்டுக்கு வர வேண்டும்.

கே: என் மகள் அழகாக ஆடுவாள். கேக்கைச் சுற்றி ஆடவிட்டு எடுக்கலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

ப: ‘பொண்ணு நல்லா ஆடுது’ என்று நூறு பேர் எழுதுவார்கள். ஒருவரும் கேக் விலை கேட்க மாட்டார். ஆட்டத்துக்குத் தனி வீடியோ போடுங்கள், முதல் கைதட்டல் என்னுடையது.

கே: சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டேன். விளம்பரமாக ஓட்டப் போனால் தடுக்கிறது. ஏன்?
– வாசகி, நாகர்கோவில்

ப: பாட்டுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார் அம்மா. தனி ஆள் தன் வீடியோவுக்குப் பாட்டு சேர்க்கக் கிடைக்கும் அனுமதி, காசு போட்டு ஓட்டும் வியாபார விளம்பரத்துக்குப் பொருந்தாது. மெட்டா நிறுவனமே வியாபாரத்துக்குப் பயன்படுத்தத்தக்க இசைத் தொகுப்பு ஒன்று வைத்திருக்கிறது, அதிலிருந்து எடுங்கள்.

அதைவிடச் சொல்வேன்: கத்தி கேக்கின் மேல் சாக்லேட்டை உடைக்கும் ‘கடக்’ சத்தத்தை அருகில் வைத்துப் பதியுங்கள். ராயல்டி கேட்க யாரும் வர மாட்டார்கள்.

கே: நிறைய பேர் சத்தமில்லாமல்தான் வீடியோ பார்க்கிறார்கள். அப்போது குரல் வீண்தானே?
– வாசகர், காரைக்குடி

ப: வீணில்லை, துணைக்கு ஆள் வேண்டும். அதனால்தான் மூன்று விஷயம் திரையிலும் எழுதச் சொன்னேன்: என்ன கேக், என்ன விலை, என்ன செய்ய வேண்டும். போனின் சத்தத்தை அடைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு இந்த மூன்றும் புரிந்தால் பாஸ்.

எழுதும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ரீல்ஸில் கீழ்ப்பகுதியில், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, கணக்கின் பெயர், கேப்ஷன், விளம்பரப் பொத்தான் எல்லாம் வந்து உட்காரும். மேலேயும் ஏழில் ஒரு பங்கு போய்விடும். கீழே ‘₹600’ என்று எழுதினால் அதன் மேல் ஆப் தன் பெயரை எழுதும். எழுத்துகளை நடுவில், கொஞ்சம் மேலாக வையுங்கள்.

கே: விலையைச் சொல்லாமல் ‘விலைக்கு இன்பாக்ஸ் வரவும்’ என்றால் கூட்டம் கூடும் அல்லவா?
– வாசகி, வேலூர்

ப: கூடும். விலை கேட்டதும் கலையும். 300 ரூபாய் கேக் தேடுபவருக்கும் உங்களுக்கும் ராத்திரி பதினோரு மணிக்கு வீண் உரையாடல் எதற்கு? விலையைப் பார்த்த பிறகும் வருபவர்தான் வாடிக்கையாளர்.

தீம் கேக் என்றால் விலை ஆளுக்கு ஆள் மாறும், உண்மை. அப்போதும் ‘அரைக் கிலோ 600-லிருந்து’ என்று தொடக்க விலை சொல்லலாம். அதற்கு ஒரு சொல் கூடும், நூறு வீண் கேள்வி குறையும்.

கே: ரீலின் கேப்ஷனில் வாட்ஸ்அப் லிங்க் போட்டிருக்கிறேன். ஒருவரும் அழுத்தவில்லையே?
– வாசகர், திருச்சி

ப: அழுத்தினால்தானே! இன்ஸ்டாகிராம் கேப்ஷனில் ஒட்டிய லிங்க் வெறும் எழுத்து, அழுத்தினாலும் திறக்காது. புரொஃபைலில் போட்டால் திறக்கும், ஸ்டோரியில் லிங்க் ஸ்டிக்கராக ஒட்டினால் திறக்கும். காசு கட்டி ஓட்டும் விளம்பரத்தில் வாட்ஸ்அப்புக்குப் போகும் பொத்தானே வைக்கலாம். அதுதான் உத்தமம்.

லிங்கை இப்படிச் செய்துகொள்ளுங்கள். X இருக்கும் இடத்தில் உங்கள் பத்து இலக்க எண்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=பிறந்தநாள்%20தேதி:
```

91-க்கு முன்னால் கூட்டல் குறி வேண்டாம், எண்ணுக்கு முன்னால் பூஜ்யமும் வேண்டாம், நடுவில் இடைவெளியும் வேண்டாம். அழுத்தியதும் வாட்ஸ்அப் திறந்து ‘பிறந்தநாள் தேதி:’ என்று தானே எழுதிக் காத்திருக்கும். அவர் ‘மார்ச் 14’ என்று தட்டினால் முடிந்தது.

குரல் கேட்டது தேதி, திரையில் எழுதியது தேதி, பொத்தானை அழுத்தினால் வருவதும் தேதி. மூன்றும் ஒரே வாயாக இருக்க வேண்டும். குரலில் தேதி கேட்டுவிட்டு பொத்தானில் ‘மேலும் அறிய’ என்று வைத்தால், அழைத்த விருந்தாளியை வேறு வீட்டுக்கு அனுப்பியது போலாகிவிடும்.

கே: நான் நாட்டுச் சர்க்கரை போட்டுத்தான் கேக் செய்கிறேன். ‘சுகர் ஃப்ரீ’ என்று விளம்பரத்தில் போடலாமா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

ப: கூடவே கூடாது! இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ம் ஆண்டு விளம்பர விதிப்படி, 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் அந்தப் பெயர் சொல்ல முடியாது. நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான். பெயரில் நாடு இருப்பதால் உடம்புக்குள் போய்த் தேசபக்தி காட்டாது.

விதியை விடுங்கள். சர்க்கரை நோயுள்ள ஒரு பெரியவர் உங்கள் சொல்லை நம்பி இரண்டு துண்டு சாப்பிட்டால் என்ன ஆகும்? ‘நாட்டுச் சர்க்கரையில் செய்தது’ என்று உள்ளதைச் சொல்லுங்கள். அதுவே ருசியாகத்தான் ஒலிக்கிறது.

கே: ‘டாக்டர்கள் பரிந்துரைக்கும் ராகி கேக்’ என்று சொல்லலாமா? என் மைத்துனர் டாக்டர்தான்.
– வாசகர், தர்மபுரி

ப: அதே விதி இதையும் தடுக்கிறது. மைத்துனருக்கு ஒரு துண்டு கொடுங்கள், சர்ட்டிபிகேட் வாங்காதீர்கள்.

கே: வீடியோவை 3,000 பேர் பார்த்திருக்கிறார்கள். ஒரு ஆர்டர்கூட இல்லை. எங்கே ஓட்டை?
– வாசகி, கோயம்புத்தூர்

ப: எந்த இடத்தில் ஆள் நழுவுகிறார் என்று பாருங்கள், ஓட்டை தானே தெரியும். ரீலின் கணக்கு விவரத்தில் எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பது இருக்கும். மூன்றாவது விநாடிக்குள் பெரும்பாலோர் ஓடிவிட்டால் குற்றவாளி முதல் காட்சி. வசனத்தைத் தொடாதீர்கள், வேறு துண்டை வெட்டிக் காட்டுங்கள்.

கடைசி வரை பார்த்தும் யாரும் எழுதவில்லை என்றால், நீங்கள் கேட்டது புரியவில்லை, அல்லது கேட்டதே ஐந்து. எழுதினார்கள், பிறகு காணாமல் போனார்கள் என்றால் குற்றம் விளம்பரத்தில் இல்லை. நீங்கள் எத்தனை மணி நேரம் கழித்துப் பதில் போட்டீர்கள்? வாட்ஸ்அப் பிசினஸில் வரவேற்புச் செய்தி தானே போகும்படி வைக்கலாம்: ‘தேதி கிடைத்தது. இடம் இருக்கிறதா என்று பார்த்து மாலைக்குள் சொல்கிறேன்.’ அவ்வளவு போதும், ஆள் காத்திருப்பார்.

இன்னொன்றும் பாருங்கள். அந்த 3,000 பேரில் கோவைக்காரர் எத்தனை? கரூரில் இருப்பவர் ரசிக்கலாம், உங்களால் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. காசு போட்டு ஓட்டும்போது, உங்கள் வண்டி க்ரீம் உருகாமல் போய்ச் சேரும் தூரத்துக்கு மட்டும் வட்டம் போடுங்கள்.

கே: விளம்பரத்துக்கு எவ்வளவு செலவழிக்கலாம்? கணக்காகச் சொல்லுங்கள்.
– வாசகர், சிவகாசி

ப: கணக்கு என்றால் கணக்கு. 1,000 ரூபாய் போட்டீர்கள், 20 பேர் தேதி அனுப்பினார்கள், அதில் 5 பேர் வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தேதிக்கு 50 ரூபாய், ஒரு ஆர்டருக்கு 200 ரூபாய் செலவு.

600 ரூபாய் கேக்கில் பொருள், பெட்டி, மின்சாரம், டெலிவரி எல்லாம் சேர்த்து 350 போனால் மிச்சம் 250. அதில் விளம்பரம் 200-ஐ விழுங்கிவிட்டது. ராத்திரி கண்விழித்ததற்குக் கூலி 50 ரூபாய்!

ஆனால் வாங்காத 15 பேரின் தேதியும் உங்களிடம் இருக்கிறதே, அதை மறக்காதீர்கள். ‘அடுத்த வருஷம் நினைவுபடுத்தலாமா?’ என்று கேட்டு, சரி என்றவர்களை மாத வாரியாகக் குறித்து வையுங்கள். பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்பு நீங்களே எழுதும் செய்திக்கு விளம்பரச் செலவு கிடையாது. ஒன்று மட்டும்: வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்பினால், உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போகும். சேமிக்காதவருக்குத் தனித்தனியாக எழுதுங்கள்.

முதல் வாரத்தில் 1,000-க்கு மேல் போடாதீர்கள். உங்கள் ஊர்க் கணக்கு வந்த பிறகு கூட்டுவதா நிறுத்துவதா என்று முடிவு செய்யுங்கள்.

கே: விளம்பரம் நன்றாக ஓடி, ஒரே சனிக்கிழமைக்கு 11 பேர் தேதி அனுப்பிவிட்டார்கள். என் அவனில் ஆறுக்கு மேல் முடியாது. என்ன செய்வது?
– வாசகி, ராஜபாளையம்

ப: முதலில் விளம்பரத்தை நிறுத்துங்கள், அதற்கும் பொத்தான் இருக்கிறது. ஆறு பேருக்குச் சரி சொல்லுங்கள். மற்ற ஐந்து பேருக்கும் அன்றைக்கே முடியாது என்று எழுதுங்கள். இழுத்துப் போட்டுக்கொண்டு ஏழாவது கேக் சரியாக வேகாமல் போனால், அந்த வீட்டுப் பிறந்தநாள் கெட்டது கெட்டதுதான், அடுத்த வருஷம் வரை பேசுவார்கள்.

கே: நான் பிறந்தநாள் கேக் செய்வதில்லை. டிசம்பரில் பிளம் கேக், மற்ற நாளில் குக்கீஸ். எனக்குத் தேதி எதற்கு?
– வாசகி, தூத்துக்குடி

ப: உங்களுக்குத் தேதி வேண்டாம், எண் வேண்டும். “எத்தனை கிலோ? எண்ணை மட்டும் வாட்ஸ்அப் பண்ணுங்க.” குக்கீஸ் என்றால் “எத்தனை டப்பா?” யோசிக்காமல் பதில் வரும் ஒரே கேள்வி, உங்கள் வேலையைத் தொடங்கத் தேவைப்படும் முதல் தகவல். இரண்டும் ஒன்றாகக் கூடும் இடத்தைப் பிடியுங்கள்.

பிளம் கேக் விளம்பரத்தை டிசம்பர் 20-ல் ஓட்டாதீர்கள். பழம் ஊறவும், கேக் பக்குவப்படவும், பெட்டி வாங்கவும் நாள் வேண்டும். நவம்பரிலேயே எண்ணிக்கை கைக்கு வந்துவிட்டால் முந்திரி, திராட்சையை அளவோடு வாங்கலாம்.

இந்தப் பக்கத்தைப் படித்த எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள்: படம் எடுக்கப் போவதற்கு முன் வசனத்தைப் போனின் ஸ்டாப்வாட்சை வைத்துச் சத்தமாகப் படியுங்கள். 14 விநாடிக்குள் முடியவில்லை என்றால் வேகமாகப் படிக்காதீர்கள், ஒரு வரியை வெட்டுங்கள். வெட்டக் கூடாத வரி ஒன்றே ஒன்று, கடைசி வரி.